கையெழுத்துப் போட்டு வாங்கிய பெட்டிக்கு நஷ்டஈடு: விமான நிறுவனத்துக்குக் கடிதம் எழுதும் முறை

கேள்வி: லண்டன்ல இருந்து வளைகுடா வழியா ஒரே டிக்கெட்டுல கோவை வந்தமுங்க. ரெண்டும் வேற வேற விமானக் கம்பெனி. பிப்ரவரி 5 வந்து இறங்கறப்ப ஒரு பெட்டி வரல. கவுண்டர்ல எழுதிக் கொடுத்துட்டு கோபி வந்துட்டோம். 8ஆம் தேதி தங்கச்சி கல்யாணம். பெட்டி 9ஆம் தேதிதான் வந்துச்சு. நானே போய்க் கையெழுத்துப் போட்டு எடுத்துட்டு வந்தேன். வீட்டுல திறந்தா உள்ள ஈரம், பட்டுப்புடவை சாயம் இறங்கிருச்சு, பெட்டி ஓடு வெடிச்சு ஒரு சக்கரம் இல்ல, பாப்பாவோட வெள்ளிக் கொலுசையும் காணோம். நஷ்டஈடு கேட்டு லெட்டர் எப்படி எழுதறதுங்க?

பதில்:

முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். உங்களுக்கு இரண்டு கெடு ஓடுகிறது, இரண்டும் வேறு வேறு. சேதத்தைப் பற்றிய புகார், பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 7 நாளுக்குள் எழுத்தில் கொடுக்கவோ அனுப்பவோ வேண்டும். அதாவது பிப்ரவரி 16க்குள். தாமதத்தால் வந்த செலவுக்கான புகாருக்கு 21 நாள். அதாவது மார்ச் 2 வரை. இவை விடுமுறையும் சேர்த்து எண்ணும் நாட்கள். இந்தியாவும் பிரிட்டனும் ஏற்றுக்கொண்ட 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு இது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு விமானப் போக்குவரத்துச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையாக அது அப்படியே இருக்கிறது. கெடு தாண்டினால், நிறுவனமே மோசடி செய்தது என்று நிரூபித்தால் தவிர, வழக்குக்கூடப் போட முடியாது.

‘5ஆம் தேதியே கவுண்டரில் எழுதிக் கொடுத்தேனே’ என்று நீங்கள் நினைக்கலாம். அது பி.ஐ.ஆர். எனப்படும் அறிக்கை. பெட்டி வரவில்லை என்பதற்கு மட்டுமே அது சாட்சி. அன்றைக்குப் பெட்டியே இல்லாததால், உடைந்ததைப் பற்றியோ நனைந்ததைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இருக்காது. பணம் கேட்டதாகவும் அது ஆகாது. ஆனாலும் அந்தத் தாள் பத்திரம். அதில் பத்து எழுத்தில் ஒரு குறியெண் இருக்கும்: கோவை நிலையத்தின் CJB, பிறகு நிறுவனத்தின் இரண்டெழுத்துக் குறி, பிறகு ஐந்து இலக்கம். கடிதத்தின் தலைப்பிலேயே அதைப் போடவில்லை என்றால் உங்கள் கடிதம் யார் மேசைக்கும் போகாமல் சுற்றும்.

உங்கள் விஷயத்தில் உண்மையான சிக்கல் 9ஆம் தேதி போட்ட கையெழுத்துதான். புகார் எதுவும் எழுதாமல் பெட்டியை வாங்கிக்கொண்டால், அது நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டது என்றுதான் உடன்படிக்கை முதல் பார்வைக்கு எடுத்துக்கொள்ளும். பயப்பட வேண்டாம், இது உடைக்கக்கூடிய அனுமானம்தான், முடிந்த தீர்ப்பு அல்ல. ஆனால் உடைக்க வேண்டிய பொறுப்பு உங்கள் பக்கம் வந்துவிட்டது. வீட்டில் உடைந்திருக்காது, வீட்டில் நனைந்திருக்காது என்று காட்ட வேண்டும். அதற்கு மூன்று சான்றுகள் உதவும்: அன்று மாலையே எடுத்த படங்கள், பெட்டியில் டேக் ஒட்டியபடியே எடுத்த படம், கடிதத்தை எவ்வளவு சீக்கிரம் அனுப்பினீர்கள் என்பது. கெடு 16ஆம் தேதிதான் என்று 16ஆம் தேதி வரை உட்கார்ந்திருப்பதைவிட 12ஆம் தேதியே அனுப்பினால், ‘கண்டவுடன் சொன்னேன்’ என்ற வாதம் பலமாக நிற்கும். உடன்படிக்கையும் ‘கண்டவுடன், அதிகபட்சம் 7 நாளுக்குள்’ என்றுதான் கேட்கிறது. இன்னொரு முறை இப்படி வாங்க நேர்ந்தால், கையெழுத்துக்கு மேல் ‘பெட்டி உடைந்துள்ளது, உள்ளே சரிபார்க்கவில்லை’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போடுங்கள். கவுண்டரில் இருப்பவர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான்.

எழுதுவதற்கு முன் சான்றுகளைச் சேருங்கள். புடவையைத் துவைக்காதீர்கள், பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். ‘நேரில் பார்க்க வேண்டும்’ என்று நிறுவனம் கேட்கும்போது பெட்டி இல்லை என்றால் விஷயம் அங்கேயே முடிந்தது. ஈரம் எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே போயிருக்கிறது என்று தெரியும்படி படம் எடுங்கள்: ஓடு வெடித்த இடம், அதற்கு நேர் உள்ளே இருக்கும் துணியில் கறை, எதிர்ப்பக்கத்தில் காய்ந்த துணி. இதைச் சொல்லக் காரணம், நனைந்த பெட்டி என்றால் நிறுவனம் முதலில் கேட்பது ‘உள்ளே ஷாம்பூ, எண்ணெய் ஏதாவது உடைந்து கொட்டியதா?’ என்பதுதான். ஆகவே பெட்டிக்குள் இருந்த பாட்டில்களை மூடியோடு, முழுசாக இருப்பது தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உடன்படிக்கையின் 17ஆம் பிரிவில் நிறுவனம் தப்பிக்க ஒரே வழி, பொருளின் உள்ளார்ந்த குறையால்தான் சேதம் வந்தது என்பது. அந்த வழியை அடைப்பதற்குத்தான் இந்தப் படங்கள்.

பில் விஷயத்தில் நம் ஊர்க் கடைப் பழக்கம் இடிக்கும். பல கடைகளில் வெள்ளைத் துண்டுச் சீட்டில் எஸ்டிமேட் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அதை நிறுவனம் ஏற்காது. கல்யாணத்துக்கு வாங்கிய கடைக்கே போய், வாங்கிய தேதியிலேயே ஜி.எஸ்.டி. பில் போட்டுத் தரச் சொல்லுங்கள். கார்டிலோ யு.பி.ஐ.யிலோ கட்டியிருந்தால் அந்தப் பதிவையும் சேருங்கள். சாயம் இறங்கிய புடவையைச் சிறுமுகையில் தறிக்காரரிடமே நேராக வாங்கியிருந்தால் பில்லே இருக்காது. அப்போது பணம் அனுப்பிய வங்கிப் பதிவு, அந்தப் புடவை கட்டி எடுத்த தேதியுள்ள பழைய படம், நெய்தவர் கையெழுத்திட்டுத் தரும் ஒரு விலைக் குறிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால் பில்லுக்கு ஈடாக நிற்கும். கூடவே ட்ரை கிளீனிங் கடையின் லெட்டர்ஹெட்டில், ‘சாயம் ஓடிவிட்டது, சரிசெய்ய முடியாது’ என்று தேதியோடு எழுதி வாங்குங்கள். பெட்டிக்கும் அதேபோல் பேக் ரிப்பேர் கடையில் ஒரு வரி வேண்டும். ரிப்பேர் செய்ய முடியும் என்றால் ரிப்பேர் தொகைதான் கேட்க முடியும், புதுப்பெட்டி விலை அல்ல.

அடுத்தது, யாருக்கு எழுதுவது? ஒரே டிக்கெட்டில் இரண்டு நிறுவனம் என்றால், லக்கேஜ் விஷயத்தில் முதல் நிறுவனம், கடைசி நிறுவனம், சேதமோ தாமதமோ நேர்ந்த கட்டத்தை இயக்கிய நிறுவனம் ஆகிய எவரிடமும் கேட்கலாம் என்கிறது 36ஆம் பிரிவு. பெட்டி எங்கே நனைந்தது என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நடைமுறையில், கோவையில் உங்களை இறக்கிவிட்டு பி.ஐ.ஆர். போட்ட கடைசி நிறுவனத்துக்கு எழுதி, முதல் நிறுவனத்துக்கு நகல் அனுப்புவதே நல்லது. ‘அவங்களைக் கேளுங்க’ என்று இருவரும் மாற்றி மாற்றிக் கைகாட்டுவது இதில்தான் நிற்கும். இன்னொன்று, பெட்டியின் டேக் யார் போர்டிங் பாஸில் ஒட்டப்பட்டதோ அவர் பெயரில்தான் கடிதம் போக வேண்டும். வீட்டுக்காரர் பெயரில் டேக் இருந்து நீங்கள் எழுதினால் முதல் பதிலே ‘உங்கள் பெயரில் லக்கேஜ் இல்லை’ என்று வரும்.

எவ்வளவு கேட்பது? ஒரு பயணிக்கு லக்கேஜ் தொடர்பான மொத்த உச்சவரம்பு, 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். இது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு நாணயம். ஒன்றின் மதிப்பு 120 ரூபாயை ஒட்டி ஏறி இறங்கும், ஆக ஏறக்குறைய 1.8 லட்சம் ரூபாய். தாமதம், சேதம், காணாமல் போனது எல்லாம் சேர்ந்துதான் இந்த வரம்பு; தனித்தனியாக அல்ல. 1,131, 1,288 என்று பழைய எண்கள் இன்னும் பல இடங்களில் கிடக்கின்றன. அவற்றை எடுத்துப் போடாதீர்கள். வரம்பு இவ்வளவு என்பதால் இவ்வளவு தருவார்கள் என்று பொருளில்லை. காட்டிய நஷ்டம் எவ்வளவோ அவ்வளவுதான்.

உங்கள் கணக்கை நான் இப்படிப் போடுவேன். தொகைகள் மாதிரிக்குத்தான், உங்கள் பில்லில் உள்ளதை இட்டுக்கொள்ளுங்கள். தாமதத்தின் கீழ், கல்யாணத்துக்கு வாங்கிய புடவை 14,500; உங்களுக்கும் குழந்தைக்கும் மாற்றுடை, உள்ளாடை 6,840; சோப்பு, பேஸ்ட், குழந்தையின் மருந்து 1,260; பெட்டியை எடுக்கக் கோபியிலிருந்து விமான நிலையம் போய்வந்த டாக்ஸி 2,900. மொத்தம் 25,500 ரூபாய். சேதத்தின் கீழ், 12,800க்கு வாங்கி இரண்டு வருடம் உழைத்த பெட்டிக்குக் கால்வாசி கழித்து 9,600, 22,000க்கு வாங்கிய பட்டுப்புடவைக்கு ஐந்தில் ஒரு பங்கு கழித்து 17,600, கொலுசு 6,300. மொத்தம் 33,500 ரூபாய். இரண்டும் சேர்ந்து 59,000.

தேய்மானத்தை நாமே ஏன் கழிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நீங்கள் கழிக்காவிட்டால் அவர்கள் கழிப்பார்கள், அதுவும் அவர்கள் இஷ்டத்துக்கு. நியாயமான விகிதத்தை நீங்களே எழுதிவிட்டால் பேச்சு அங்கிருந்து தொடங்கும். புதுப்புடவையில் பேரம் வரும். ‘பெட்டி கிடைத்துவிட்டது, புதுப்புடவையும் உங்களிடமே இருக்கிறது, ஆகவே பாதி’ என்று பல நிறுவனங்கள் சொல்லும். உடைக்குப் பாதி, சோப்பு, பேஸ்ட், உள்ளாடைக்கு முழுசு என்பது அவர்களின் உள்வழக்கம், சட்டம் அல்ல. அழைப்பிதழ் நகலை இணைத்து, கல்யாணத் தேதியில் பெட்டி இல்லை என்று காட்டினால் முழுத்தொகை கேட்கக் காரணம் இருக்கிறது. கொஞ்சம் இறங்க வேண்டி வந்தால் அந்த இடத்தில் இறங்குங்கள். சாயம் போன புடவையில் இறங்காதீர்கள்.

கொலுசைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன், அதுதான் இந்தக் கணக்கில் மிக மெலிந்த வரி. பெட்டிக்குள்ளிருந்து பொருள் காணாமல் போனதையும் சேதம் போலவே 7 நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். ‘நகையைப் பெட்டியில் போடக் கூடாது’ என்ற தங்கள் நிபந்தனையைக் காட்டி மறுப்பார்கள். உடன்படிக்கை தரும் பொறுப்பைக் குறைக்கும் நிபந்தனை செல்லாது என்று 26ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் கொலுசு பெட்டிக்குள் இருந்தது என்று காட்டுவது உங்கள் வேலை. டேக்கில் உள்ள எடை இதற்கு உதவாது, கொலுசின் எடை அதில் தெரியவே தெரியாது. பில் இருந்தால் எழுதுங்கள். பூட்டு திறந்திருந்தால் அதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். அந்த ஒரு வரிக்காக மற்ற தொகையை நிறுத்திவைக்க விடாதீர்கள்.

‘மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம்’ என்ற வரியைக் கடிதத்தில் எழுத வேண்டாம். படிப்பவர் மற்ற வரிகளையும் அதே கண்ணால் பார்ப்பார். தண்டனைத் தொகை உடன்படிக்கையில் கிடையாது.

இனிக் கடிதம். நிறுவனத்தின் இணையப் படிவத்திலும் மின்னஞ்சலிலும் ஆங்கிலத்தில் போனால்தான் வேலை நடக்கும். கீழே உள்ளதை வாக்கியத்துக்கு வாக்கியம் மாற்றிக்கொள்ளலாம். படிவத்தில் எழுத்து வரம்பு இருந்தால் முழுக் கடிதத்தைப் பி.டி.எஃப். ஆக இணைத்து, படிவத்தின் கட்டத்தில் ‘இணைப்பைப் பார்க்கவும்’ என்பதோடு தொகையை மட்டும் எழுதுங்கள்.

பெறுநர்: வாடிக்கையாளர் உறவுத் துறை
நாள்: 12 பிப்ரவரி 2026
பொருள்: தாமதமாகவும் சேதமாகவும் வந்த லக்கேஜ்: 59,000 ரூபாய் இழப்பீடு கோரிக்கை. பி.ஐ.ஆர். எண், பதிவு எண், டேக் எண் (பத்து இலக்கம்).

வணக்கம்.

நான் 4 பிப்ரவரி 2026 அன்று லண்டனிலிருந்து புறப்பட்டு, 5 பிப்ரவரி அன்று உங்கள் விமானத்தில் கோவை வந்து சேர்ந்தேன். மேற்கண்ட டேக் எண்ணுள்ள பெட்டி வரவில்லை. உங்கள் கவுண்டரில் அன்றே புகார் பதிவு செய்தேன். பெட்டி நான்கு நாள் கழித்து 9 பிப்ரவரி அன்று என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்தக் கடிதம் மாண்ட்ரியல் உடன்படிக்கை 31ஆம் பிரிவின்படி சேதத்துக்கும் தாமதத்துக்குமான எழுத்துப்பூர்வப் புகார்.

பெட்டியை வாங்கும்போது உள்ளே பார்க்க எனக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை. அன்று மாலை 6 மணிக்குத் திறந்தபோது, வலது மூலையில் ஓடு வெடித்திருந்தது, ஒரு சக்கரம் இல்லை, பூட்டு திறந்திருந்தது, வெடித்த பக்கத்தில் உடைகள் நனைந்திருந்தன. உள்ளே இருந்த திரவப் பாட்டில்கள் எதுவும் உடையவில்லை. டேக்கோடு எடுத்த படங்கள் இணைப்பு 1இல் உள்ளன.

சேதத்தால் நஷ்டம் (பிரிவு 17): பெட்டி, தேய்மானம் கழித்து, 9,600 ரூபாய், ரிப்பேர் கடைக் கடிதம் இணைப்பு 2. பட்டுப்புடவை, தேய்மானம் கழித்து, 17,600 ரூபாய், ட்ரை கிளீனிங் கடைக் கடிதமும் வாங்கியதற்கான சான்றும் இணைப்பு 3. காணாமல் போன வெள்ளிக் கொலுசு 6,300 ரூபாய், பில் இணைப்பு 4. மொத்தம் 33,500 ரூபாய்.

தாமதத்தால் நஷ்டம் (பிரிவு 19): 8 பிப்ரவரி அன்று என் தங்கையின் திருமணம்; அதற்கான உடைகள் இந்தப் பெட்டியில் இருந்தன. அழைப்பிதழ் இணைப்பு 5. மாற்றுப் புடவை 14,500 ரூபாய், எனக்கும் குழந்தைக்கும் உடைகள் 6,840 ரூபாய், அன்றாடப் பொருட்களும் மருந்தும் 1,260 ரூபாய், பெட்டியை எடுக்க வாடகைக் கார் 2,900 ரூபாய். மொத்தம் 25,500 ரூபாய், பில்கள் இணைப்பு 6.

மொத்தக் கோரிக்கை 59,000 ரூபாய். இது 22ஆம் பிரிவின் 1,519 எஸ்.டி.ஆர். வரம்புக்குள் உள்ளது. இக்கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் இந்தத் தொகையை என் வங்கிக் கணக்கில் செலுத்தக் கோருகிறேன். ஏதேனும் ஒரு வரியை ஏற்கவில்லை என்றால், அதற்கான காரணத்தைத் தனியே எழுதி, மீதித் தொகையைச் செலுத்தவும். பெட்டியும் புடவையும் உங்கள் பார்வைக்காக வைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு, பெயர், முகவரி, கைபேசி எண்.
நகல்: முதல் கட்டத்தை இயக்கிய நிறுவனம்.

இதில் நீங்கள் மாற்றக்கூடாத வரி, ‘சேதத்துக்கும் தாமதத்துக்குமான எழுத்துப்பூர்வப் புகார்’ என்பது. தாமதத்தை மட்டும் எழுதிவிட்டு சேதத்தைப் போனில் சொன்னவர்கள் 7 நாள் கழித்து மாட்டிக்கொள்கிறார்கள். உள்ளே பார்க்க வாய்ப்பில்லை என்ற வரி உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். ‘அவசரத்தில் நான் பார்க்கவில்லை’ என்பதுதான் உண்மை என்றால் அப்படியே எழுதலாம், அதனால் உரிமை போகாது. அனுப்பியதும் தானாக வரும் ஒப்புகை எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 7 நாளுக்குள் அனுப்பியதற்கு அதுதான் சான்று. சந்தேகம் இருந்தால் இந்திய அலுவலக முகவரிக்கு ஸ்பீடு போஸ்டிலும் ஒன்று போடுங்கள்.

பதில் பெரும்பாலும் இரண்டு விதமாக வரும். ஒன்று, ‘சக்கரமும் கைப்பிடியும் வழக்கமான தேய்மானம், பொறுப்பில்லை.’ கீறல், அழுக்கு என்றால் அந்த வாதம் எடுபடும். ஓடு வெடித்து சக்கரம் பிடுங்கப்பட்டது தேய்மானம் அல்ல. படத்தைக் காட்டி அதை மட்டும் மறுத்து எழுதினால் போதும். இரண்டு, ஒரு வவுச்சரோ சின்னத் தொகையோ தந்து ‘முழுமையான இறுதித் தீர்வு’ என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். அந்தச் சொற்றொடர் இருந்தால் மீதியைக் கேட்கும் கதவு மூடிவிடும். ‘பகுதித் தொகையாகப் பெறுகிறேன்’ என்று எழுத ஒத்துக்கொண்டால் மட்டும் வாங்குங்கள்.

30 நாளில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் நிறுவனத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு எழுதுங்கள், பிறகு விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் பதியுங்கள். அதற்கும் மேலே போனால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய கட்டணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே மனுக்கட்டணம் கிடையாது. ஆனால் உங்களுக்கு ஒரு முடிச்சு இருக்கிறது: லண்டனில் தொடங்கி லண்டனிலேயே முடியும் ரிட்டன் டிக்கெட் என்றால், சட்டத்தின் கண்ணில் உங்கள் ‘சேருமிடம்’ கோவை அல்ல, லண்டன். உடன்படிக்கையின் 33ஆம் பிரிவு, சேருமிடத்திலோ, நிறுவனத்தின் தலைமையகம் உள்ள நாட்டிலோ, டிக்கெட் போட்ட அலுவலகம் இருக்கும் இடத்திலோதான் வழக்குப் போடச் சொல்கிறது. கடைசி நிறுவனத்தின் தலைமையகம் இந்தியாவில் இருந்தால் இங்கே போடத் தடையில்லை. இல்லாவிட்டால் பிரிட்டன் பக்கம் பார்க்க வேண்டும். ஆகவே யார் மேல் போடுவது என்பதை அந்தக் கட்டத்தில் ஒரு வக்கீலிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். வழக்குக்கு இரண்டு வருடக் கெடு. நிறுவனத்தோடு எவ்வளவு காலம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாலும் அந்தக் கெடு நிற்காது. 2028 பிப்ரவரி 5ஐக் கடைசி நாளாக எடுத்துக்கொண்டு, அதற்கு ஆறு மாதம் முன்பே மனுவைத் தயாராக வைத்திருங்கள்.